வைட் ஷாட்டில் நிற்பதா, ரியாக்‌ஷனுக்கு வெட்டுவதா: நகைச்சுவைக் காட்சியைத் தொகுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

நகைச்சுவைக் காட்சியை முதன்முறையாகத் தொகுக்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் செய்கிறார்கள். ஒருவர் வேடிக்கையாக ஏதோ சொல்கிறார். உடனே எதிரில் இருப்பவரின் முகத்துக்கு ஒரு கட். இன்னொருவர் சறுக்கி விழுகிறார். உடனே பார்த்துக்கொண்டிருப்பவரின் முகத்துக்கு ஒரு கட். நடிப்பில் குறையில்லை, வசனத்திலும் குறையில்லை. ஆனாலும் சிரிப்பு வரவில்லை. அந்தக் கட் ஒவ்வொன்றும் 'இப்போது சிரியுங்கள்' என்று பார்வையாளரின் தோளைத் தட்டுகிறது. தட்டிச் சொன்ன பிறகு யாருக்கும் சிரிக்கத் தோன்றுவதில்லை.

எங்கே வெட்டுவது என்று யோசிப்பதற்கு முன், சிரிப்பு எங்கே பிறக்கிறது என்று கேட்க வேண்டும். இரண்டு பேருக்கு இடையிலோ, ஓர் ஆளுக்கும் ஒரு பொருளுக்கும் இடையிலோ இருக்கும் இடத்தில் பிறக்கிறதென்றால் அந்த இரண்டும் ஒரே ஃபிரேமில் இருந்தாக வேண்டும். ஒருவருடைய மனத்துக்குள் பிறக்கிறதென்றால் அந்த முகத்துக்குப் போகலாம். அப்போதும் எந்தக் கணத்தில் போகிறோம் என்பது முக்கியம். இந்த வழிகாட்டி முழுவதும் இந்த ஒரு கேள்வியைத்தான் ஒரு காட்சியை வைத்துப் பார்க்கப் போகிறது.

எடுத்துக்கொள்ளும் காட்சி

ஒரு மாப்பிள்ளை கடையிலிருந்து பாகம் பாகமாக வந்த நாற்காலியைத் தானே பூட்டியிருக்கிறார். வீட்டுக்கு வந்த மாமனாரிடம் பெருமையாகச் சொல்கிறார்: "ஒரு மணி நேரத்தில் பூட்டி முடித்துவிட்டேன், மாமா." பின்னால் நிற்கும் மனைவி, அதாவது மாமனாரின் மகள், தரையில் கிடக்கும் ஒரு திருகாணியை எடுக்கிறாள். மாமனார் உட்காருகிறார். நாற்காலிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் மாப்பிள்ளையைப் பாராட்டத் தொடங்குகிறார். பாராட்டிக்கொண்டே, மேசைக்குப் பின்னால் மெல்ல மெல்லச் சாய்ந்து இறங்குகிறார். மாப்பிள்ளை தாமதமாகத் திரும்பிப் பார்த்துச் சொல்கிறார்: "அது சாய்வு நாற்காலிதான், மாமா."

முக்கால் நிமிடம் போகும் காட்சி. எழுத்தில் எளிது. வெட்டும்போது நான்கைந்து இடங்களில் தடுமாறலாம்.

படி 1: யாருக்கு என்ன தெரியும் என்று எழுதுங்கள்

எடிட்டிங் மென்பொருளைத் திறப்பதற்கு முன்பே, முடிந்தால் படப்பிடிப்புக்கு முன்பே, ஒரு காகிதத்தில் இதை எழுதிவிடுங்கள். நாற்காலியில் ஒரு திருகாணி குறைகிறது என்பது பார்வையாளருக்குத் தெரியும், மகளுக்குத் தெரியும். மாப்பிள்ளைக்கும் மாமனாருக்கும் தெரியாது. மாமனார் இறங்கத் தொடங்கிய பிறகும், கடைசி வரை, அது அவருக்கே உறைப்பதில்லை. மாப்பிள்ளைக்குக் கடைசியில் தெரிகிறது.

காட்சியின் முதல் பாதி மகளுடைய பயத்தில் நடக்கிறது என்பதும், இரண்டாம் பாதி மாமனாருக்கும் மேசைக்கும் இடையில் நடக்கிறது என்பதும் இதிலிருந்து தெளிவாகிவிடும். எந்த முகத்தை நெருக்கத்தில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கும் இந்தக் காகிதமே பதில் சொல்லும். மாமனாருடைய முகத்துக்கு ஒரு குளோசப் தேவையே இல்லை. அவருக்கு எதுவும் தெரியாது என்பதுதான் அவருடைய பங்கு. அதற்கு முகம் வேண்டாம், சாய்கிற உடல் போதும்.

படி 2: நிறுத்திப் பிடிக்கத் தக்க வைட் ஷாட்டை எடுங்கள்

வைட் ஷாட்டை நீண்ட நேரம் நிறுத்த முடியாமல் போவதற்குப் பெரும்பாலும் எடிட்டர் காரணமல்ல. கேமராவை வைத்தபோதே அந்த ஷாட்டுக்குள் எல்லாம் தெரிகிற மாதிரி அமைக்கவில்லை. அறை முழுவதையும் காட்டியிருப்பார்கள். மனிதர்கள் அதில் ஒரு மூலையில் சிறிதாக இருப்பார்கள். நகைச்சுவைக்கு வேண்டிய வைட் ஷாட் அறையைக் காட்டுவதற்காக எடுக்கப்படுவதில்லை. காரணமும் விளைவும் ஒரே பார்வையில் படுகிற அளவுக்கு அகலமாக இருந்தால் போதும், அதற்கு மேல் ஓர் அங்குலமும் வேண்டாம்.

இந்தக் காட்சிக்கு நான் கேமராவை மேசைக்கு நேர் எதிரே, உட்கார்ந்திருப்பவரின் மார்பு உயரத்தில், முக்காலியில் அசையாமல் வைப்பேன். மேசையின் விளிம்பு ஃபிரேமின் கீழ்ப்பகுதியில் ஒரு நேர்கோடாக ஓட வேண்டும். மாமனார் இடப்பக்கம், மாப்பிள்ளை வலப்பக்கம், மகள் வலக்கோடியில் சற்றுப் பின்னால். மாமனாருக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவே வெறும் சுவர் தெரிகிற ஓர் இடைவெளி இருக்கட்டும். பின்னால் அது கைகொடுக்கும்.

மேசை விளிம்பை இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. மெதுவான அசைவு கண்ணில் பட வேண்டுமென்றால் பக்கத்தில் அசையாத ஒரு கோடு இருக்க வேண்டும். முதலில் சட்டையின் இரண்டாம் பொத்தான் மறைகிறது, பிறகு கழுத்துப்பட்டை, பிறகு தாடை. கேமரா கையில் ஆடிக்கொண்டிருந்தாலும், மாமனாரைத் தொடர்ந்து கீழே இறங்கினாலும் அந்தக் கோடு போய்விடும். சாய்வு கண்ணில் படாது. மேலேயிருந்து எடுத்தால் மேசை அவரை மறைக்காது. மறைப்பதில்தானே வேடிக்கை.

வைட் ஷாட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு: நடந்தது உண்மையிலேயே நடந்தது என்பதற்கு அது சாட்சி. 1928-இல் வெளிவந்த 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்தில் ஒரு வீட்டின் முன்சுவர் முழுதாகப் பெயர்ந்து நடிகர் பஸ்டர் கீட்டன் மேல் விழுகிறது. திறந்திருக்கும் ஜன்னல் அவர் நிற்கும் இடத்தில் சரியாக வந்து இறங்குவதால் அவர் அப்படியே நிற்கிறார். சுவர் விழும் நேரத்தில் நடுவே ஒரு முகத்துக்கு வெட்டியிருந்தால் பார்வையாளர் தந்திரத்தைத் தேடத் தொடங்கியிருப்பார். உடலும் பொருளும் மோதுகிற எந்த நகைச்சுவையிலும், மோதும் கணத்தில் கட் இருந்தால் சந்தேகம் வரும். சந்தேகம் வந்த இடத்தில் சிரிப்பு வராது.

படி 3: ரியாக்‌ஷனை நீளமாக, உண்மையான தூண்டுதலோடு எடுங்கள்

மகளின் முகத்தைத் தனியாக எடுக்கும்போது "இப்போது பயப்படு, இப்போது நிம்மதியாகு" என்று கத்திச் சொல்லி எடுத்தால், முகம் ஒரு பாவனையிலிருந்து அடுத்ததற்குத் தாவும். அது பயன்படாது. மாமனாராக நடிப்பவர் கேமராவுக்கு வெளியே உண்மையாகவே உட்கார வேண்டும், வசனத்தையும் அதே வேகத்தில் பேச வேண்டும். மகள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். வசனம் முடிந்த பிறகும் ஐந்து முதல் பத்து நொடி வரை கேமராவை நிறுத்தாதீர்கள். நடிகர் 'முடிந்துவிட்டது' என்று நினைத்துத் தளரும் அந்த நேரத்தில்தான் முகம் உண்மையாக இருக்கும்.

குறைவாக நடித்த டேக் ஒன்றையும் எப்போதும் கேட்டு வாங்குங்கள். படப்பிடிப்பில் எல்லோரையும் சிரிக்க வைத்த பெரிய முகபாவனை, தொகுக்கும்போது பெரும்பாலும் கூடுதலாகத் தெரிகிறது. அதற்கு முன் வைட் ஷாட்டிலேயே பார்வையாளர் பாதி வேலையைச் செய்து முடித்திருப்பார்.

படி 4: முதல் தொகுப்பில் வைட் மட்டும்

சிறந்த டேக்கின் வைட் ஷாட்டை மட்டும் டைம்லைனில் முழுதாகப் போட்டு, ஒரு கட் கூட இல்லாமல் பாருங்கள். இந்த ஒரு படியைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். கட் எங்கே தேவையில்லை என்று காட்டுவதே இதுதான்.

ஓட விட்டுப் பார்க்கும்போது, 'புரிந்துவிட்டது' என்று உங்களுக்குத் தோன்றும் கணத்தில் ஒரு குறி போடுங்கள். பிரீமியர், டாவின்சி ரிசால்வ் இரண்டிலும் ஓடிக்கொண்டிருக்கும்போதே M விசையைத் தட்டினால் மார்க்கர் விழும். நிறுத்தி, யோசித்துப் போட வேண்டாம். தாளம் போடுவதுபோல் தட்டுங்கள். இரண்டு மூன்று முறை பார்த்தால் குறிகள் ஒரே இடத்தைச் சுற்றி விழும். எங்கே சிதறி விழுகின்றனவோ, அங்கே காட்சி தெளிவாக இல்லை என்று பொருள். அங்கே கட் உதவலாம். குறிகள் நெருக்கமாக விழுந்த இடத்தில் வைட் ஷாட் தன் வேலையைச் செய்துவிட்டது; கை வைக்காதீர்கள்.

நம் காட்சியில் முதல் சிதறல் மகள் திருகாணியை எடுக்கும் இடத்தில் வரும். அவள் குனிந்து எதையோ எடுக்கிறாள், அவ்வளவுதான் தெரிகிறது. விரல் நுனி அளவுள்ள திருகாணி வைட் ஷாட்டில் யாருக்கும் தெரியாது.

படி 5: கட் ஒவ்வொன்றுக்கும் வேலை கொடுங்கள்

*திருகாணி.* இங்கே கட் தவிர்க்க முடியாதது, தகவல் மிகச் சிறியது. உள்ளங்கையில் திருகாணியின் குளோசப், ஒரு நொடி அல்லது சற்றுக் கூடுதல். நொடிக்கு 24 ஃபிரேம் என்ற கணக்கில் 24 முதல் 30 ஃபிரேம். அடுத்து எங்கே போவது? எடிட்டரின் கை தானாகவே மகளின் முகத்தைத் தேடும். தேவையில்லை. அவள் என்ன நினைப்பாள் என்று பார்வையாளருக்கு இப்போதே தெரியும். நேராக வைட் ஷாட்டுக்குத் திரும்புங்கள். அதில் அவள் தலை நிமிர்ந்து நாற்காலியை நோக்கித் திரும்பட்டும். சின்னத் தலைத்திருப்பம்தான், ஆனாலும் திருகாணியும் நாற்காலியும் இப்போது ஒரே கோட்டில் இணைகின்றன.

*உட்காரும் கணம்.* தவறு நடக்கிற இடம் இது. மாமனார் குனியத் தொடங்கியதும் கண்ணை இறுக மூடிக்கொள்ளும் மகளுக்கு வெட்ட ஆசை வரும். வெட்டினால் நாற்காலி நம் கண்ணிலிருந்து போய்விடும். அது உடைகிறதா, தாங்குகிறதா என்பதுதான் முழுக் கேள்வி. அந்தக் கேள்வியைத் திரையிலிருந்து எடுத்துவிட்டு முகத்தைக் காட்டினால், பதிலை ஒலியில் மட்டும் கேட்போம். வைட் ஷாட்டில் நில்லுங்கள். அவர் குனிகிறார், உட்காருகிறார், ஒன்றும் ஆகவில்லை. அந்த 'ஒன்றும் ஆகவில்லை' என்பதற்கு மூன்று நொடி கொடுங்கள். முதல் நொடி பார்வையாளர் காத்திருப்பார். இரண்டாம் நொடி சந்தேகப்படுவார். மூன்றாம் நொடி சிரிப்பின் ஓரம் தெரியும். ஒரே நொடியில் வெட்டினால் இது வெறும் உட்காருதல்.

*நிம்மதி.* இப்போது மகளின் முகத்துக்குப் போகலாம். காட்சியின் முதல் உண்மையான ரியாக்‌ஷன் கட் இதுதான். அவள் மூச்சு விடுகிறாள், ஒன்றரை நொடி. நாற்காலி நிற்கிறது என்று நமக்கு முதலில் புரிந்துவிட்டது, அவள் முகம் பின்னால் வருகிறது. இந்த வரிசை மாறக் கூடாது. முகம் முன்னால் வந்தால் அது அறிவிப்பு. பின்னால் வந்தால் நம் சிரிப்புக்குத் துணை. அதோடு, 'ஆபத்து முடிந்தது' என்ற பொய்யையும் இந்த முகம் சொல்கிறது.

வெட்டும்போது ஒரு சின்னக் கணக்கு. ஷாட் மாறியதும் கண் புதிய இடத்தைத் தேடிப் போவதற்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு நொடி, அதாவது ஐந்து ஃபிரேம் ஆகும். மகள் வைட் ஷாட்டில் வலக்கோடியில் இருக்கிறாள். நெருக்கமான ஷாட்டிலும் முகம் வலப்பக்கமே இருந்தால் கண் அதிகம் அலையாது. இடப்பக்கம் வைத்து எடுத்துவிட்டிருந்தால், மூச்சு விடும் அசைவுக்கு ஐந்தாறு ஃபிரேம் முன்பே உள்ளே வாருங்கள். இல்லையென்றால் கண் போய்ச் சேர்வதற்குள் அசைவு முடிந்துவிடும். 'முகம் நன்றாகத்தான் இருக்கிறது, ஏனோ எடுபடவில்லை' என்று தோன்றும் பல கட்களில் நோய் இதுதான்.

*சாய்வு.* மகளின் முகம் இன்னும் திரையில் இருக்கும்போதே நாற்காலியின் கிறீச் ஒலி வரட்டும், கட்டுக்குப் பத்து ஃபிரேம் முன்னால். அவள் கண் நிமிரத் தொடங்கும் இடத்தில் வைட் ஷாட்டுக்கு வெட்டுங்கள். ஒலி முன்னே வந்து நம்மை இழுத்துச் செல்வதால் இந்தக் கட் கட்டாகவே தெரியாது. அவளோடு நாமும் திரும்பிப் பார்த்ததாகத்தான் தோன்றும்.

இனி ஏழெட்டு நொடிகளுக்கு எங்கேயும் போகாதீர்கள். மாமனார் "வேலை சுத்தமாக இருக்கிறது, மாப்பிள்ளை. இந்தக் காலத்தில் யார் இப்படிப் பொறுமையாகச் செய்கிறார்கள்" என்று அதே குரலில் பேசிக்கொண்டே இறங்குகிறார். மாப்பிள்ளை அவரைப் பார்க்காமல் பெருமையோடு தலையாட்டிக்கொண்டிருக்கிறார். மகள் பின்னால் சிலையாக நிற்கிறாள். மூன்று பேரும் மூன்று வேறு உலகத்தில் இருக்கிறார்கள். மூன்றையும் ஒன்றாகப் பார்க்க நமக்கு மட்டுமே முடிகிறது. யாரைப் பார்ப்பது என்று பார்வையாளரே தேர்ந்தெடுக்கட்டும். அவர் மகளைப் பார்த்துவிட்டு மாமனாருக்குத் திரும்புவதற்குள் இன்னும் ஒரு பொத்தான் மறைந்திருக்கும். நாம் செய்திருக்க வேண்டிய கட்டை அவர் கண்ணே செய்துகொள்கிறது.

*கடைசி வரி.* மாப்பிள்ளை திரும்புகிறார். முகம் இருக்க வேண்டிய உயரத்தில் சுவர்தான் இருக்கிறது. பார்வையைக் கீழே இறக்குகிறார். "அது சாய்வு நாற்காலிதான், மாமா." இதற்கும் வைட் தான். மேசைக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் தெரிகிற மாமனார் ஃபிரேமில் இருந்தால்தான் அந்த வரிக்குப் பொருள். வரி முடிந்து எட்டுப் பத்து ஃபிரேம் கழித்து, திருகாணியை மூடிக்கொள்ளும் மகளின் கைக்கு ஒரு குளோசப். முகம் வேண்டாம். அவள் கணவனைக் காட்டிக்கொடுக்கப் போவதில்லை என்று அந்தக் கை சொல்லிவிடும்.

படி 6: வெட்டாமலே நேரத்தைத் திருத்துவது

வைட் ஷாட்டில் நிற்பதில் ஒரு சிக்கல் உண்டு: நடிகர்களின் நேரக்கணக்கு பிசகினால் அதை மறைக்கக் கட் கிடையாது. சாய்வு மிகச் சிறப்பாக வந்த டேக்கில் மாப்பிள்ளை அரை நொடி சீக்கிரம் திரும்பிவிட்டார் என்று வையுங்கள். பலர் இங்கேதான் மனமில்லாமல் ரியாக்‌ஷனுக்கு ஓடுகிறார்கள்.

கேமரா அசையாமல் இருந்தால் வேறு வழி இருக்கிறது. அதே கிளிப்பை டைம்லைனில் ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு முறை வையுங்கள். மேலே இருப்பதை, முன்பு விட்டுவைத்த சுவர் இடைவெளியில் செங்குத்தாக மாஸ்க் செய்து, வலப்பாதி மட்டும் தெரிய விடுங்கள். அதைப் பன்னிரண்டு ஃபிரேம் பின்னுக்குத் தள்ளுங்கள். மாமனார் அதே நேரத்தில் இறங்குகிறார். மாப்பிள்ளை மட்டும் அரை நொடி தாமதமாகத் திரும்புகிறார். மாஸ்க்கின் ஓரத்தைச் சற்று மென்மையாக்கினால் தையல் தெரியாது. வலப்பாதி வேறொரு டேக்கிலிருந்தும் வரலாம், முக்காலி நகராமல் இருந்திருந்தால்.

இதற்கும் வரம்பு உண்டு. யாருடைய கையாவது நிழலாவது அந்த இடைவெளியைக் கடந்தால் அங்கே பாதி கை காணாமல் போகும். ஜன்னல் வெளிச்சம் இரண்டு டேக்குகளுக்கு நடுவே மாறியிருந்தால் சுவரில் கோடு விழும். மேசை இரண்டு பாதிக்கும் பொதுவாக இருப்பதால், சாயும்போது மாமனார் மேசையை உலுக்கிவிட்டால் அந்த டேக்கை மறந்துவிட வேண்டியதுதான். மாப்பிள்ளை அந்த நேரத்தில் பேசினால் அவர் குரலையும் அதே பன்னிரண்டு ஃபிரேம் நகர்த்த வேண்டும். ஒரே மைக்கில் இருவர் குரலும் ஒன்றன் மேல் ஒன்று பதிந்திருந்தால் அதுவும் முடியாது.

படி 7: சிரிப்புக்கு எவ்வளவு இடம் விடுவது

கூட்டமாகப் பார்க்கிறவர்கள் சத்தமாகச் சிரிப்பார்கள். அடுத்த வசனம் அதில் மூழ்கிவிடும். நகைச்சுவை நடிகர்களான மார்க்ஸ் சகோதரர்கள் 'எ நைட் அட் தி ஓபரா' (1935) படத்துக்கு முன் அதன் காட்சிகளை மேடையில் நடித்துப் பார்த்து, சிரிப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று அளந்துகொண்டார்கள். ஆனால் தனியாக ஃபோனில் பார்ப்பவர் சத்தமாகச் சிரிப்பதில்லை. அவருக்கு அந்த இடைவெளி படம் நின்றுவிட்டதுபோல் தோன்றும்.

இரண்டு பேருக்கும் பொருந்துகிற இடைவெளி ஒன்று உண்டு: வசனம் இல்லாத, ஆனால் ஏதோ நடந்துகொண்டிருக்கிற நேரம். மகள் மூச்சு விடும் ஒன்றரை நொடி அத்தகையது. அரங்கில் சிரிப்பு அதை விழுங்கினால் நஷ்டம் இல்லை. தனியாகப் பார்ப்பவருக்கும் பார்க்க ஏதோ இருக்கிறது. ரியாக்‌ஷன் ஷாட்டை எங்கே வைப்பது என்று தடுமாறினால், சிரிப்பு எந்த வசனத்தை மூழ்கடிக்கும் என்று பார்த்து அதற்கு முன் வையுங்கள். மாமனாரின் பாராட்டு அந்த மூச்சுக்குப் பிறகே தொடங்குவதும் இதற்காகத்தான். இடைவெளிகளில் அறையின் இயல்பான மெல்லொலி தொடர்ந்து ஓடட்டும். ஒலி முற்றிலும் அறுந்தால் அது தொகுப்பில் நேர்ந்த பிசகுபோல் கேட்கும்.

படி 8: பார்த்திராத கண்ணிடம் காட்டுவது

நூறு முறை பார்த்த பிறகு உங்களுக்கு மூன்று நொடி முப்பது நொடியாகத் தெரியும். அந்த நிலையில் வைட் ஷாட்டைச் சுருக்காதீர்கள். காட்சியை அறியாத நான்கைந்து பேருக்குக் காட்டி, திரையை விட்டுவிட்டு அவர்கள் முகத்தைப் பாருங்கள். "பிடித்ததா?" என்று கேட்டால் மரியாதைக்குத்தான் பதில் வரும். "அந்தப் பெண் கையில் என்ன வைத்திருந்தாள்? மாமனார் எப்போது இறங்கத் தொடங்கினார்?" என்று கேளுங்கள்.

திருகாணி தெரியவில்லை என்றால் உள்ளங்கை ஷாட்டுக்கு ஆறு ஃபிரேம் கூட்டுங்கள். மகளின் முகத்தைச் சேர்த்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். சாய்வைத் தாமதமாகக் கவனித்தார்கள் என்றால் கிறீச் ஒலியைக் கூட்டலாம், அல்லது மாப்பிள்ளையின் தலையாட்டல் கண்ணை இழுக்கிறதா என்று பார்த்து, அவர் அமைதியாக இருக்கிற டேக்கிலிருந்து வலப்பாதியை எடுக்கலாம். மகள் கண் நிமிரும் முன்பே சிரித்துவிட்டார்கள் என்றால் ஒலி மிகச் சீக்கிரம் வருகிறது. பத்தை ஆறாக்கிப் பாருங்கள். எல்லாம் புரிந்தும் உட்காரும் இடத்தில் மட்டும் முகம் அசையவில்லை என்றால், அந்த மூன்று நொடியை இரண்டாகக் குறைப்பதற்கு முன் ஒரு முறை நான்காக்கிக் காட்டுங்கள். பாதிப் பொறுமையில் வெட்டிய இடைவெளி, நீளமாக இருப்பதாலேயே எடுபடாமல் போனதுபோல் ஏமாற்றும்.

கடைசியாக அதே தொகுப்பை ஃபோன் அளவில் பாருங்கள். பெரிய திரையில் தெளிவாகத் தெரிந்த சட்டைப் பொத்தான் இங்கே புள்ளியாகிவிடும். ஃபோனில்தான் பெரும்பாலும் பார்ப்பார்கள் என்றால், குளோசப்புகளைச் சேர்ப்பதைவிட வைட் ஷாட்டையே பத்துப் பதினைந்து சதவீதம் பெரிதாக்குங்கள். இடப்பக்கக் காலிச் சுவரும் மேலே இருக்கும் வெற்றிடமும் போனால் போகட்டும். மேசை விளிம்பும் மூன்று பேரும் உள்ளே இருந்தால் போதும். 4கே அளவில் எடுத்து 1080 அளவில் வெளியிடுகிறீர்கள் என்றால் இந்தப் பெரிதாக்கலால் படம் மங்காது.